இன்டர்நேஷனல் பள்ளி கேட்கும் காகிதங்கள்

மெட்ரிக் பள்ளியிலோ சி.பி.எஸ்.இ. பள்ளியிலோ பத்து ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவருக்கு இன்டர்நேஷனல் பள்ளிக்கு மாறலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், முதல் வேலையாக ஏதாவதொரு வெளிநாட்டுச் சான்றிதழ் படிப்பைத் தேடத் தொடங்குகிறார். "பி.எட். மட்டும் போதாது, இன்டர்நேஷனல் டீச்சிங் சர்டிபிகேட் வேண்டும்" என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அதை நம்பி, சேமிப்பிலிருந்து ஒரு பெரிய தொகையை எடுத்துக் கட்டிவிடுகிறார். படிப்பும் முடிகிறது, பள்ளியும் நேர்காணலில் தேர்ந்தெடுக்கிறது. அதற்குப் பிறகு வேலை நின்றுபோகிறது. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வெளிநாட்டுச் சான்றிதழ் அல்ல. இங்கே, நம் பல்கலைக்கழகத்தில், நாம் வாங்காமல் விட்டுவிட்ட ஒரு காகிதம்தான் காரணமாக இருக்கிறது.

யார் எதைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்டர்நேஷனல் பள்ளி என்றதும் நம் மனத்தில் வருவது ஐ.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டு பாடத்திட்டங்கள். ஐ.பி. அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் அது புதிதல்ல. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1970-களிலேயே அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஐ.பி., கேம்பிரிட்ஜ் இரண்டுமே ஆசிரியருக்கு உரிமம் வழங்கும் அமைப்புகள் அல்ல. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பள்ளிக்கு அங்கீகாரம் தருவது ஆகியவைதான் அவற்றின் வேலை. ஆசிரியர்களுக்கு உரிய பயிற்சி கிடைத்திருக்கிறதா என்று ஐ.பி. பார்ப்பது உண்மைதான். ஆனால் அதைப் பள்ளியிடம்தான் கேட்கும். புதிதாகச் சேரும் ஆசிரியரை 'கேட்டகரி ஒன்' என்ற தொடக்கநிலைப் பயிலரங்குக்கு அனுப்புவது பள்ளியின் பொறுப்பு. நேரில் என்றால் மூன்று நாள் நடக்கும், ஆன்லைனிலும் உண்டு, கட்டணத்தையும் வழக்கமாகப் பள்ளியே செலுத்தும். பல்கலைக்கழகங்கள் வழியாகப் பெறும் ஐ.பி. சான்றிதழ் ஒன்றும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் படிக்கலாம், வேலைக்கு அது கட்டாயம் இல்லை. கேம்பிரிட்ஜ் வழங்கும் தொழில்முறைச் சான்றிதழ், பட்டயப் படிப்புகளும் அப்படித்தான்.

அப்படியானால் சான்று கேட்பது யார்? பள்ளி எந்த நாட்டு மண்ணில் நிற்கிறதோ அந்த நாட்டு அரசு. பாடத்திட்டம் பிரிட்டனுடையதாக இருக்கலாம், பள்ளி நிர்வாகம் இந்தியருடையதாக இருக்கலாம், பள்ளி துபாயில் இருந்தால் துபாய் சட்டம்தான் செல்லும். அதற்கு மேல், கூடுதலாக என்ன வேண்டும் என்று பள்ளி தன் விருப்பப்படி கேட்கும். விளம்பரத்தைப் படிக்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும். அரசு கேட்பது இல்லாவிட்டால் வேலையே கிடையாது. பள்ளி கேட்பது இல்லாவிட்டால் பேசிப் பார்க்கலாம்.

சென்னை, கோவையில் இருக்கும் இன்டர்நேஷனல் பள்ளிகளுக்கு மாறுகிறவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. முதுகலைப் பட்டம், பி.எட்., நல்ல ஆங்கிலம், மாதிரி வகுப்பு என்ற அளவில் முடிந்துவிடும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கான ஆசிரியர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ. 2010-இல் வகுத்த தகுதிகள் இருக்கின்றன. டெட் தேர்வு அதில் வருவதுதான். டெட் எழுதித் தேறியவர்கள் அந்தச் சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். 2021-க்குப் பிறகு அதன் செல்லுபடி வாழ்நாள் முழுவதற்கும் என்றாகிவிட்டது.

சிக்கல் தொடங்குவது கடல் தாண்டும்போதுதான். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அதிகம் விரும்பும் ஊர் துபாய் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கணித ஆசிரியையையும் கற்பனை செய்துகொள்வோம். பெயர் செல்வி. கும்பகோணத்துக்காரர். அங்கேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் நேரடியாகப் படித்தார். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் 2012-இல் பி.எட். முடித்தார். வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்தார். மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு நீண்ட காலம் கணிதம் எடுத்தவர். துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று ஆன்லைன் நேர்காணலில் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் பணியில் சேர வேண்டுமானால் துபாயின் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் கே.எச்.டி.ஏ. என்ற ஆணையம் அவர் பெயருக்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பள்ளிதான் அனுப்பும். அதற்கான காகிதங்களைத் தர வேண்டியவர் செல்வி.

முதல் கேள்வி பட்டச் சான்றிதழ். செல்வியிடம் இருப்பது ப்ரொவிஷனல் என்னும் தற்காலிகச் சான்றிதழ். பட்டமளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. நேரில் வராதவர்களுக்கான விண்ணப்பத்தைப் போட்டுப் பட்டத்தைத் தபாலில் வாங்கவும் இல்லை. இங்கே வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளில் எந்தப் பள்ளியும் அதைக் கேட்டதில்லை. ப்ரொவிஷனலும் மதிப்பெண் பட்டியலும் போதும் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். துபாய்க்கு அது போதாது. மூலப் பட்டச் சான்றிதழின் பின்புறத்தில்தான் அரசு முத்திரைகள் விழ வேண்டும். பி.எஸ்சி.க்கும் பி.எட்.டுக்கும் தனித்தனியாக இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சில வாரங்களோ சில மாதங்களோ காத்திருக்க வேண்டும். வேலை உத்தரவு வந்த பிறகு இதைத் தொடங்கினால் பள்ளி திறக்கும் நாள் கடந்துபோகும். தமிழ்நாட்டு ஆசிரியர்களில் பலர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறேன்.

பட்டம் கைக்கு வந்ததும் பெயரைப் பார்க்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழ்களில் ஆ. செல்வி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அங்கே செல்வி ஆறுமுகம். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்தை ஏற்று, பள்ளி ஆவணங்களில் மு. செல்வி. நமக்கு இந்த மூவரும் ஒருவர்தான் என்று பார்த்ததும் புரியும். இனிஷியல் என்ற வழக்கமே இல்லாத நாட்டில் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பெண்கள் தெரிவார்கள். இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்பு ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துவைப்பது பல இடங்களில் உதவும். ஆனால் அதைவிட நல்லது, பணி அனுபவச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போட்டு எழுதி வாங்குவது. பட்டத்தில் உள்ள பெயரை மாற்றுவது கடினம், பள்ளி இன்று தரும் கடிதத்தில் பெயரைச் சரியாகப் போடச் சொல்வது எளிது.

அடுத்தது உண்மைத்தன்மைச் சான்று. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். பணியில் சேர்ந்த பிறகு துறை கேட்டு வாங்குவதுதான். துபாய் கேட்கும் சான்றில் இன்னும் கொஞ்சம் விவரம் இருக்க வேண்டும். இந்தப் பட்டம் உண்மையானது என்பதோடு, நேரடி வகுப்பில் படித்தாரா அஞ்சல் வழியிலா, எந்த ஊரில் படித்தார், தேர்வை எங்கே எழுதினார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதையும் பல்கலைக்கழகம் எழுத்தில் தர வேண்டும். பல்கலைக்கழகங்கள் வழக்கமாகத் தரும் ஒரு வரிச் சான்றை வாங்கிக்கொண்டு வந்து, திரும்பவும் போய் நின்றவர்கள் உண்டு. விண்ணப்பத்திலேயே இந்த விவரங்கள் அனைத்தும் வேண்டும் என்று பட்டியலிட்டு எழுதிவிடுவது நல்லது.

இதில் ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். 2018-இல் நடந்தது அதற்கு விடை சொல்லும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்திய ஆசிரியர்கள் பலருக்கு அந்த ஆண்டு அவர்களுடைய பட்டத்துக்குச் சமநிலைச் சான்று மறுக்கப்பட்டது. காரணம் மதிப்பெண் பட்டியலில் இருந்த இரண்டு தலைப்புகள். நம் மதிப்பெண் பட்டியலில் இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கல்லூரி போடும் அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்பது இங்கே கல்லூரி வாசலை மிதித்த எவருக்கும் தெரிந்த கணக்கு. அங்கே கோப்பைப் பார்த்தவர்களுக்கு எக்ஸ்டர்னல் என்றால் கல்லூரிக்குப் போகாமல் வெளியிலிருந்து தேர்வு எழுதியவர் என்று பட்டது. நேரடி வகுப்பில் படித்தவர்களின் பட்டமும் தனித்தேர்வர் பட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்தியத் தூதரகம் தலையிட்டு, எக்ஸ்டர்னல் என்பது பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வைத்தான் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதாயிற்று. செல்வியின் மதிப்பெண் பட்டியலிலும் அதே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. நேரடி வகுப்பில், கும்பகோணத்தில் படித்தார் என்று பல்கலைக்கழகமே எழுதித் தந்திருந்தால் அந்தச் சந்தேகம் எழவே இடமில்லை.

எம்.எஸ்சி. பட்டம் அஞ்சல் வழி. இந்தியாவில் முறையான அனுமதியோடு நடந்த அஞ்சல் வழிப் படிப்பு செல்லும். வளைகுடா நாடுகளில் அதற்குச் சமநிலை கிடைப்பது மிகக் கடினம். இதற்காகச் செல்வி கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் கணிதம் நடத்த அடிப்படையாகக் கேட்கப்படுவது அந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும். அவருக்கு இரண்டும் நேரடி வகுப்பில் பெற்றவை. ஆகவே விண்ணப்பத்தை பி.எஸ்சி., பி.எட். மீது நிறுத்த வேண்டும். எம்.எஸ்சி.யைத் தன்விவரக் குறிப்பில் அஞ்சல் வழி என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். அதை மறைத்து நேரடிப் படிப்பு போலக் காட்டி, பிறகு பல்கலைக்கழகத்தின் சான்றில் உண்மை வெளிப்பட்டால், சரியாக இருக்கும் இரண்டு பட்டங்களின் மீதும் நம்பிக்கை போய்விடும். இளநிலைப் பட்டமே அஞ்சல் வழி என்றால் நிலைமை வேறு. அவர்கள் துபாய்க்காகச் செலவு செய்வதற்கு முன், அந்தப் பட்டத்தை ஏற்கச் செய்ய முடியுமா என்று பள்ளியிடம் நேராகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

பி.எட். பற்றி இரண்டு விஷயங்கள். 2015-க்கு முன் பி.எட். ஓராண்டுப் படிப்பு. என்.சி.டி.இ. விதிகள் மாறிய பிறகு இரண்டாண்டு. செல்வியின் ஓராண்டு பி.எட். அந்தக் காலத்து விதிப்படி முழுமையானது. இன்றைய விதியோடு ஒப்பிட்டு யாராவது கேட்டால், படித்த ஆண்டில் கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இருந்தது என்பதற்கான ஆணையின் நகலைக் கல்லூரியிடமிருந்து வாங்கி வைத்திருப்பது பெரிய பலம். அந்தக் கல்லூரி பின்னாளில் மூடப்பட்டிருந்தால் இது இன்னும் அவசியம்.

இரண்டாவது விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு பள்ளியில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே, இன்னொரு ஊர்க் கல்லூரியில் நேரடி பி.எட். படித்ததாகக் கணக்கு வைத்திருக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகாமல் தேர்வுக்கு மட்டும் போய்வந்தது இங்கே யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். வெளிநாட்டு ஆய்வில் முதலில் கண்ணில் படுவது அதுதான். பட்டத்தின் காலத்தையும் பணி அனுபவத்தின் காலத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஜூன் முதல் ஏப்ரல் வரை இரண்டு இடத்தில் ஒருவர் இருந்திருக்க முடியாது. இதற்காகத் தேதியை மாற்றி அனுபவச் சான்று எழுதி வாங்குவது மோசடி, அந்த வழிக்குப் போகவே கூடாது. உண்மையிலேயே கல்லூரிக்குப் போய்ப் படித்து, பகுதிநேரமாக மட்டும் பள்ளியில் வேலை பார்த்தவர்கள், பகுதிநேரம் என்று சான்றில் தெளிவாக எழுதி வாங்க வேண்டும்.

பணி அனுபவச் சான்று என்று நம் பள்ளிகள் தருவதைப் பாருங்கள். "இவர் எங்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டு வரி. எந்த வகுப்பு, எந்தப் பாடம், முழுநேரமா, சேர்ந்த தேதி, விலகிய தேதி, எதுவும் இருக்காது. செல்வி கேட்டு வாங்க வேண்டியது இந்த விவரங்களோடு, பள்ளியின் முகவரித்தாளில், முதல்வரின் பெயரும் கையொப்பமும், பள்ளியின் மின்னஞ்சலும் உள்ள கடிதம். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்க முடிந்தால் வாங்கலாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தவர்களுக்கு அந்தப் பதிவே வேலை பார்த்ததற்கு நல்ல சாட்சி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் இருக்கின்றன. வேலையை விடும் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே அசலைக் கைக்கு வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இந்தக் காகிதங்கள் சேர்ந்த பிறகுதான் அட்டஸ்டேஷன். இதற்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்ற முடியாது. முதலில் மாநில அரசு பட்டத்தைச் சரிபார்த்து முத்திரை இடும். ஏஜெண்டுகள் இதை எச்.ஆர்.டி. என்பார்கள். அடுத்து வெளியுறவு அமைச்சகம். அதற்கடுத்து இந்தியாவில் இருக்கும் அமீரகத் தூதரகம். கடைசியாக அமீரகம் போன பிறகு அங்கே உள்ள வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தைய முத்திரையைத்தான் சரிபார்க்கிறது. அதனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டு மேலே போக வழியே இல்லை.

அப்போஸ்டில் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் ஒரே ஒரு வில்லை அது. இந்தியா 2005-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியா போகிறவர்களுக்கு அப்போஸ்டில் உண்டு, தூதரகம் போக வேண்டியதில்லை. அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. ஆகவே துபாய் போகும் செல்வி அப்போஸ்டில் போட்டுக்கொண்டு போனால் அது செல்லாது. அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், அதோடு சேவை மையத்தின் சிறு கட்டணம் சேரும். ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜெண்டு, அதில் எவ்வளவு அரசுக்குப் போகிறது, எவ்வளவு தனக்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றும் வேண்டும். வெளிநாட்டுக்கான பி.சி.சி.யை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். அதைக் கடைசியில் எடுப்பதே நல்லது, ஏனென்றால் பழையதாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள். நம் பள்ளிகளில் பழக்கமில்லாத ஒன்றும் இதோடு சேர்ந்து வரும். இன்டர்நேஷனல் பள்ளிகள் முந்தைய பள்ளியின் முதல்வருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, குழந்தைகளோடு வேலை செய்ய இவர் தகுந்தவரா, இவர் மீது எப்போதாவது புகார் வந்ததா என்று கேட்கும். பதில் வராவிட்டால் நியமனம் தள்ளிப்போகும். கோபத்தோடு முறித்துக்கொண்டு வந்த பள்ளியாக இருந்தாலும் முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது அவசியம். மாணவர் பாதுகாப்புக்காகக் கேட்கப்படும் கேள்வி அது. அதை நான் மனதார வரவேற்கிறேன், நம் பள்ளிகளும் கேட்கத் தொடங்க வேண்டிய கேள்வி.

இனி உரிமம். விண்ணப்பப் படிவத்தில் "டீச்சிங் லைசென்ஸ் எண்" என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மவர்கள் அங்கே டெட் சான்றிதழ் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். டெட் தகுதித் தேர்வு, உரிமம் அல்ல. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கவுன்சில் பதிவு எண் இருப்பதுபோல இந்தியாவில் ஆசிரியருக்குப் பதிவு எண் இல்லை. அந்தக் கட்டத்தில், இந்தியாவில் ஆசிரியர் உரிம முறை இல்லை, பி.எட். பட்டமே பணிக்கான தகுதி என்று எழுதி, பி.எட். விவரத்தைத் தருவதுதான் சரி. அமீரகம் 2017-இல் தனக்கென ஓர் ஆசிரியர் உரிமத் திட்டத்தைத் தொடங்கியது. கற்பிக்கும் முறை பற்றி ஒரு தேர்வும் பாடம் பற்றி ஒரு தேர்வும் அதில் உண்டு. ஒவ்வோர் எமிரேட்டிலும் நடைமுறை வேறுபடுவதால், அந்தத் தேர்வை எப்போது எழுத வேண்டும், கட்டணம் யாருடையது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

மேலே சொன்ன எதிலும் வெளிநாட்டுச் சான்றிதழ் படிப்பு வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது தேவையே இல்லையா என்றால், சில பள்ளிகளுக்குத் தேவை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் உயர்ந்த நிலையில் இருப்பவை க்யூ.டி.எஸ். கேட்கும். இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற நிலைதான் அது. 2023 பிப்ரவரி வரை இந்திய ஆசிரியர்கள் நேரடியாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அந்த மாதத்தில் இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாடுகளின் ஆசிரியர்களுக்கு இங்கிலாந்துக் கல்வித் துறை வழி திறந்தது. கணிதம், அறிவியல், மொழிகள் ஆகிய பாடங்களை 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். நம் கணக்கில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. பட்டம், பட்டநிலையில் ஆசிரியர் பயிற்சி, பயிற்சிக்குப் பின் பணி அனுபவம், ஆங்கிலத் திறனுக்குச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்கும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத செய்தி.

கணித பி.எட். முடித்து ஒன்பது, பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் செல்விக்கு இந்த வழி நேராகவே பொருந்துகிறது. வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது. இரண்டாண்டுப் பட்டயப் பயிற்சி பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தாது. க்யூ.டி.எஸ். கிடைத்தால் வேலையோ விசாவோ கிடைத்துவிடாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இங்கேதான் தவறான இடத்தில் பணம் போகிறது. பி.ஜி.சி.இ.ஐ. என்ற படிப்பைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஆன்லைனில் நடத்துகின்றன. உண்மையான பல்கலைக்கழகப் படிப்புதான், கற்பிப்பது பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம், சில பள்ளிகள் அதை மதிக்கவும் செய்கின்றன. ஆனால் அதைப் படித்தால் க்யூ.டி.எஸ். தானாக வந்துவிடாது. ஏஜெண்டு விளம்பரத்தில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போடுகிறார், படிப்பவர் இரண்டும் சேர்ந்து வரும் என்று நினைத்துவிடுகிறார். பள்ளி வகுப்பறையில் பயிற்சி எடுத்துக்கொண்டே க்யூ.டி.எஸ்.ஸுக்கு இணையான தகுதி பெற ஐ.க்யூ.டி.எஸ். என்ற தனித் திட்டம் இருக்கிறது. இங்கிலாந்துக் கல்வித் துறை அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டுமே அதை நடத்த முடியும். பணம் கட்டும் முன் இந்த மூன்றில் எது நமக்குக் கிடைக்கப்போகிறது என்று கேட்டுத் தெளிய வேண்டும். ஏற்கெனவே பி.எட்.டும் அனுபவமும் உள்ள கணித, அறிவியல் ஆசிரியர், கட்டணமில்லாத வழியில் முதலில் விண்ணப்பித்துப் பார்க்காமல் லட்சங்களில் பணம் கட்டுவதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன்.

துபாயின் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியில் திறக்கும். ஆசிரியர் தேர்வு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கி, ஏப்ரலுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். அடுத்த ஆண்டு போக விரும்புகிறவர் இந்த ஆண்டு பள்ளி திறக்கும்போதே பட்டச் சான்றிதழுக்கும் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். வேலை உத்தரவு வந்த பிறகு செய்து முடிக்கக்கூடியவை அட்டஸ்டேஷனும் பி.சி.சி.யும் மட்டுமே.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியின் மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் பட்டங்களும் படித்த முறையும் இவை, இந்த நாட்டு அரசு இவற்றை ஏற்குமா? ஏற்காவிட்டால் அதுவரை ஆன செலவு யாருடையது? ஒப்புதல் வரத் தாமதமானால் சம்பளம் உண்டா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு இங்குள்ள வேலையை விடுங்கள். பதில் தர மறுக்கும் பள்ளிக்காக இருக்கும் வேலையை விட வேண்டாம்.